காரின் ஒரு மூலை மட்டும் தாழ்ந்தால்: ஸ்பிரிங்கா, சொக்கா, மவுண்டா என்று வரிசையாகக் கண்டுபிடிக்கும் வழி

வேலணையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் விட்ஸ் காரைக் கொண்டுவந்தார். முன் இடது மூலை ஒரு விரல் அளவுக்குத் தாழ்ந்து நின்றது. அதற்காக ஏற்கெனவே வேறோர் இடத்தில் முன் சொக் அப்சோபர் இரண்டையும் புதிதாக மாற்றியிருந்தார். பணமும் போயிற்று, காரும் எழும்பவில்லை. "புதுச் சொக் போட்ட பிறகும் ஏன் தம்பி இந்தப் பக்கம் சாய்ந்தே நிற்கிறது?" என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வியை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். வேலை பழக வருகிற பிள்ளைகளும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். தாழ்ந்த மூலையைக் கண்டதும் சொக்கைத்தான் முதலில் கழற்றுகிறார்கள். கடைசியாகப் பார்க்க வேண்டியதை முதலில் பார்ப்பதே பிழை. அந்த விட்ஸை எடுத்துக்காட்டாக வைத்துச் சரியான வரிசையைச் சொல்கிறேன்.

1. எடையைத் தாங்குவது எது என்று தெளிவாகுங்கள்

நிற்கும் காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் மேலும் கீழும் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது சொக். சொக்கின் உள்ளே எண்ணெய் ஒரு சிறு துளை வழியாக நெருக்கப்பட்டுப் போகிறது. தண்டு அசையும்போது மட்டுமே அந்த எண்ணெய் எதிர்த்து நிற்கும். கார் அசையாமல் நிற்கும்போது அதற்கு வேலை இல்லை. வாயு நிரப்பிய சொக்குகள் தண்டைச் சற்று மேலே தள்ளும் என்பது உண்மை. ஆனால் ஒரு மூலையில் இருக்கும் சில நூறு கிலோ எடையோடு ஒப்பிட்டால் அந்தத் தள்ளல் மிகச் சிறியது.

ஆகவே தேய்ந்துபோன சொக் காரைத் துள்ள வைக்கும், பிரேக் பிடித்தால் மூக்கைக் குத்த வைக்கும், டயரைத் திட்டுத்திட்டாகத் தேய்க்கும். நிற்கும் காரை ஒரு விரல் தாழ்த்தாது. ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை வைத்த கார்களும், சொக்கே உயரத்தைச் சரிசெய்யும் சில வகைகளும் இதற்கு விலக்கு. நம் வீதிகளில் ஓடும் விட்ஸ், ஆல்ட்டோ, அக்சியோ போன்ற சிறிய கார்களில் அப்படி எதுவும் இல்லை.

மவுண்ட் என்பது சொக்கின் தலையைக் காரின் உடலோடு இணைக்கும் றப்பரும் தகடும் சேர்ந்த பாகம். பல கார்களில் முன் ஸ்பிரிங் தாங்கும் எடை முழுவதும் இந்த றப்பரின் வழியாகத்தான் உடலுக்குப் போகிறது. றப்பர் நசிந்து அமுங்கினால் அந்தப் பக்கம் உடலும் அமுங்கும். அமுங்கினாலும் பெரும்பாலும் சில மில்லிமீற்றர்தான். இந்த அளவை நினைவில் வைத்திருங்கள். பிறகு தீர்ப்புச் சொல்லும்போது இதுதான் உதவும்.

2. அளக்கும் முன் தரையையும் காரையும் தயார் செய்யுங்கள்

மண் முற்றத்தில் அளக்காதீர்கள். ஒழுங்கையின் ஓரத்திலும் வேண்டாம். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் சீமெந்துத் தரைகூட, தண்ணீர் ஓடிப் போவதற்காக ஒரு பக்கம் சரித்தே கட்டப்பட்டிருக்கும். மேசன்மார் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் இருந்தால் நான்கு சில்லுகளும் நிற்கும் இடங்களை அதைக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஒரு தடவை அளந்துவிட்டு, காரைத் திருப்பி முகம் மறுபக்கம் பார்க்க, அதே இடத்தில் நிறுத்தி மீண்டும் அளவுங்கள். சாய்வு காரோடு சேர்ந்து திரும்பினால் குறை காரில். அது தரையோடு அதே பக்கம் நின்றுவிட்டால் குறை தரையில்.

பிறகு நான்கு டயர்களிலும் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவுக்குக் காற்று அடியுங்கள். நான்கு டயர்களின் அளவு எண்களையும் வாசியுங்கள். ஒரு பக்கம் மட்டும் வேறு அளவு டயர் போட்டிருப்பதைப் பார்க்காமல் ஸ்பிரிங் வாங்கியவரை எனக்குத் தெரியும். டிக்கியைத் திறந்து காலியாக்குங்கள். தோட்டத்துக்குப் போகும் கார் என்றால் அதில் தண்ணீர்ப் பம்போ உர மூட்டையோ ஒரு ஓரமாகக் கிடக்கும்.

காரை அண்மையில் ஜாக் வைத்து உயர்த்தியிருந்தால் இறக்கிய உடனே அளக்கக் கூடாது. தொங்கிய சில்லுகள் உட்பக்கம் மடங்கி நிலத்தில் ஊன்றி நிற்கும். அதனால் அந்த மூலை உயர்ந்ததுபோலக் காட்டும். இரண்டு மூன்று மீற்றர் முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலைகளையும் கையால் அழுத்தி ஆட்டிவிட்ட பிறகே நாடாவை எடுங்கள்.

3. நிலத்திலிருந்து அளக்காமல் சில்லின் மையத்திலிருந்து அளவுங்கள்

சில்லின் நடுப் புள்ளியிலிருந்து நேர் மேலே மட்காட் வளைவின் உள் விளிம்பு வரை எத்தனை மில்லிமீற்றர் என்று நான்கு இடத்திலும் அளந்து எழுதுங்கள். நிலத்திலிருந்து அளந்தால் டயரின் காற்றும் தேய்மானமும் கணக்குக்குள் வந்துவிடும். மையத்திலிருந்து அளந்தால் ஸ்பிரிங்கும் அதன் தாங்கல்களும் மட்டுமே பேசும்.

மட்காட்டை அடிபட்ட பிறகு தட்டி எடுத்து நிறம் பூசியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அப்படியானால் அந்த விளிம்பு நம்பத் தகுந்ததல்ல. அப்போது அடியில் இருக்கும் ஜாக் வைக்கும் விளிம்பிலிருந்து தரைக்கு அளந்து ஒப்பிடலாம்.

இடமும் வலமும் 10 மில்லிமீற்றர் அளவுக்கு வேறுபடுவதை நான் குறையாகக் கொள்வதில்லை. பழைய காரில் சாரதி இருக்கும் வலப் பக்கம் காலப்போக்கில் கொஞ்சம் அமர்ந்திருப்பது இயல்பு. அதற்கு மேல் போனால், அதுவும் நேற்றுவரை இல்லாமல் இன்று திடீரென்று வந்தால், தேட வேண்டும்.

வேலணை விட்ஸில் வந்த அளவுகள் இவை: முன் இடது 346, முன் வலது 364, பின் இடது 365, பின் வலது 371. முன்னால் 18 மில்லிமீற்றர் வித்தியாசம். பின்னாலும் இடப் பக்கம் 6 தாழ்ந்திருக்கிறது.

4. குற்றம் முன்னாலா பின்னாலா என்று பிரியுங்கள்

இந்த 6 மில்லிமீற்றரைக் கண்டதும் என்னோடு வேலை பழகும் பிள்ளை, "அண்ணை, இடப் பக்கம் முழுவதும் தாழ்ந்திருக்கிறது, பின் ஸ்பிரிங்கும் போய்விட்டது" என்றான். அப்படித்தான் தோன்றும். ஆனால் கார் நான்கு காலில் நிற்கும் மேசை போன்றது. ஒரு கால் குட்டையானால் மேசை அந்த மூலைக்குச் சரியும். குறுக்கே எதிர் மூலை எழும்பும். முன் இடது குட்டையானால் பின் வலது எழும்பும், பின் இடது கொஞ்சம் அழுந்தும். பின்னால் எந்தக் குறையும் இல்லாமலே அங்கே வித்தியாசம் தெரியும். முன்னால் இரண்டு பக்கங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் நல்ல பக்கத்தையும் கீழே இழுத்து உண்மையான வித்தியாசத்தைக் குறைத்துக் காட்டும்.

இதைப் பிரிக்க எளிய வழி இருக்கிறது. பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பனங்குற்றியை ஆப்பு வடிவில் வெட்டிய துண்டுகள் போதும். காரின் கையேட்டில் முன் பக்கத்து நடுவில் ஜாக் வைக்கக் காட்டியிருக்கும் இடத்தில் தள்ளு ஜாக்கை வைத்து, முன் டயர்கள் இரண்டும் நிலத்தை விட்டு விலகும் அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். இப்போது முன் பக்கம் ஒரே நடுப் புள்ளியில் நிற்கிறது. முன் ஸ்பிரிங் எதுவும் உடலைச் சாய்க்க முடியாது. பின்னால் இரு பக்கத்தையும் மீண்டும் அளவுங்கள். சமமாக வந்தால் பின் பக்கம் குற்றமற்றது. வித்தியாசம் அப்படியே நின்றால் குறை பின்னால் இருக்கிறது.

இந்த நேரத்தில் ஒருவரும் காரின் அடியில் போகக் கூடாது. நாடாவைப் பின் மட்காட்டின் வெளியே நின்று பிடித்தாலே அளக்க முடியும். ஜாக் நடுவிலிருந்து ஓரமாக விலகியிருந்தால் விடையும் பிழைத்துவிடும். ஆகவே நடுவைக் கண்ணால் மதிப்பிடாமல் அளந்து வையுங்கள்.

விட்ஸில் பின் இடது 367, பின் வலது 368 என்று வந்தது. அந்த 6 மில்லிமீற்றர் காணாமல் போய்விட்டது. பின் ஸ்பிரிங்கைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது.

5. ஸ்பிரிங்கின் இரண்டு நுனிகளையும் பாருங்கள்

இனித் தாழ்ந்த மூலையின் ஸ்பிரிங். இதைத்தான் நேரம் எடுத்துப் பார்க்க வேண்டும். காரை உயர்த்தி, ஜாக் ஸ்டாண்ட் இரண்டில் இருத்தி, சில்லைக் கழற்றுங்கள். சீமெந்துக் கல்லை அடுக்கி அதன்மேல் காரை நிறுத்தாதீர்கள். துளையுள்ள கல் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஒரே நொடியில் நொறுங்கும்.

புதியவர்கள் ஸ்பிரிங்கின் நடுவைப் பார்த்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்று எழுந்துவிடுகிறார்கள். நடு அரிதாகவே முறிகிறது. முறிவது பெரும்பாலும் கீழ் நுனியிலிருந்து முதல் சுற்றுக்குள், சில வேளை மேல் நுனியில். காரணம் எளிது. கீழ்ச் சுற்று சொக்கின் மேல் பற்றவைத்த கிண்ணம் போன்ற தட்டில் அமர்ந்திருக்கிறது. ஒவ்வொரு குழியிலும் கம்பி அந்தத் தட்டில் உரசி மேற்பூச்சை இழக்கிறது. மணலும் தண்ணீரும் அந்தக் கிண்ணத்தில் தங்குகின்றன. பூச்சுப் போன இடத்தில் துரு சிறு குழி தோண்டுகிறது. அந்தக் குழியிலிருந்து வெடிப்புத் தொடங்கிக் கம்பிக்குள் ஊர்கிறது.

நம் ஊரில் இது விரைவாக நடக்கிறது. பண்ணைப் பாலத்தாலும் காரைநகர்ப் பாதையாலும் நாள்தோறும் கடலேரியைக் கடந்து போகும் கார்களின் அடிப்பாகத்தில் உப்புக் காற்றும் மாரியில் தெறிக்கும் உப்புத் தண்ணீரும் படிகின்றன. அதற்கு மேல், சவர்க் கிணற்றுத் தண்ணீரில் காரைக் கழுவுகிறோம். மேலே பளபளப்பாக இருக்கும், அந்தக் கிண்ணத்துக்குள் உப்புத்தான் காயும். தீவுப் பகுதிக் கார் என்றாலே நான் கிண்ணத்தைத் தோண்டிப் பார்க்காமல் விடுவதில்லை.

பார்க்கும் முறை இது. கிண்ணத்தில் இறுகிய சேற்றைத் திருப்புளியால் கிளறி எடுத்து, நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள். விரலை விட்டுத் துழாவ வேண்டாம். முறிந்த கம்பியின் விளிம்பு கத்திபோல இருக்கும். டோர்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்துக் கம்பியின் நுனி எங்கே முடிகிறது என்று தேடுங்கள். கிண்ணத்தில் நுனி முட்டி நிற்பதற்கென்று ஒரு படி இருக்கும். நல்ல ஸ்பிரிங்கின் நுனி அந்தப் படிக்குக் கிட்டவே வந்து முடியும். மற்றப் பக்கத்துச் சில்லையும் கழற்றி இரண்டு நுனிகளையும் ஒப்பிடுங்கள். இந்த ஒப்பீட்டைத் தவறவிடுவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

நுனியின் முகத்தையும் பாருங்கள். தொழிற்சாலையில் வெட்டிய நுனி தட்டையாக, நேராக, பூச்சோடு இருக்கும். முறிந்த நுனி சரிவாக, ஏறத்தாழ 45 பாகையில், சீனி உடைந்ததுபோல் மணல்மணலாக இருக்கும். ஸ்பிரிங் அமுங்கும்போது கம்பி முறுக்கப்படுவதால் முறிவு அப்படிச் சரிந்தே ஓடுகிறது. முறிந்த முகம் முழுதும் சாம்பல் நிறமாக மின்னினால் அண்மையில் முறிந்தது. ஒரு பகுதி கறுத்தும் பழுப்பேறியும் மிகுதி மட்டும் மின்னினால், அந்தக் கறுத்த பகுதியில் வெடிப்பு நெடுநாள் இருந்திருக்கிறது.

முறிந்த துண்டு கிண்ணத்திலேயே அமர்ந்திருக்கவும் கூடும். அப்போது உயரம் அதிகம் குறையாது. பார்ப்பதற்கு முழு ஸ்பிரிங் போலவே இருக்கும். சில்லைக் கழற்றாமலே ஒரு சோதனை செய்யலாம்: கார் நிற்கும்போது ஒருவர் ஸ்டீரிங்கை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பட்டும், நீங்கள் வெளியே நின்று கேளுங்கள். முறிந்த இரு முகங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வழுக்கும்போது தந்தியைச் சுண்டியதுபோல் "டங்" என்று கேட்கும்.

முறிவு உறுதியானால் அந்தக் காரை ஓட்டிச் செல்லக் கூடாது. முன் ஸ்பிரிங்கின் கிண்ணம் டயரின் உட்சுவருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கம்பி கிண்ணத்தை விட்டு வழுவினால் கூர்நுனி டயரை அறுக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது முன் டயர் அறுபட்டால் சாரதிக்குச் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. லொறியில் ஏற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஸ்பிரிங் முழுதாக இருந்தும் மூலை தாழ்ந்திருந்தால், கம்பி அமர்ந்திருக்கும் கிண்ணத்தையே பாருங்கள். துருவேறி ஓரம் விட்டுப்போன கிண்ணம் ஸ்பிரிங்கைக் கீழே இறங்க விடும். கிண்ணம் சொக்கோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் இந்த ஒரு நிலையில் மட்டும் சொக்கை மாற்றினால் கார் எழும்பும். எண்ணெய் ஒழுகியதால் அல்ல, தட்டு உடைந்ததால்.

6. மவுண்டை மேலிருந்தும் கீழிருந்தும் சோதியுங்கள்

கார் நான்கு சில்லிலும் நிலத்தில் நிற்கட்டும். போனட்டைத் திறந்து, சொக்கின் தலை நட்டைத் தேடுங்கள். சில கார்களில் அது வைப்பரின் கீழுள்ள பிளாஸ்டிக் மூடியின் அடியில் மறைந்திருக்கும். அந்த மூடியைக் கழற்றிய பிறகே தெரியும். உடல் தகட்டின் மேற்பரப்பிலிருந்து நட்டின் உச்சி வரை இரு பக்கமும் அளவுங்கள்.

றப்பர் நசிந்தால் உடல் கீழே இறங்குகிறது, தண்டு இருந்த இடத்தில் இருக்கிறது. ஆகவே நசிந்த பக்கத்து நட்டு மற்றதைவிட மேலே எழும்பித் தெரியும். காரை உயர்த்திச் சில்லைத் தொங்கவிட்டால் அதே நட்டு கீழே இறங்கும். நல்ல மவுண்டில் இந்த அசைவு மிகக் குறைவு. இரண்டு நிலையிலும் இரு பக்கத்தையும் அளந்து எழுதி ஒப்பிட்டால் சந்தேகம் இருக்காது. உயரத்தில் காணும் குறைவும் நட்டு எழும்பிய அளவும் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். மூலை 18 தாழ்ந்திருக்க நட்டு 3 மட்டும் எழும்பியிருந்தால், மவுண்டும் பழுது என்றே கொள்ளுங்கள். ஆனால் மிச்சம் 15-க்கு வேறு காரணம் இருக்கிறது.

சில கார்களில் ஸ்பிரிங்கின் எடை மவுண்டிலுள்ள பெயரிங் வழியாக நேரே உடலுக்குப் போகும். றப்பர் தண்டை மட்டும் பிடித்திருக்கும். அந்த வகையில் றப்பர் கிழிந்தால் குழியில் "டொக்" என்று அடிக்கும், உயரம் குறையாது.

பெயரிங் இறுகிப்போனதை அறிய, ஒருவர் ஸ்டீரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங்கின் நடுச் சுற்றை மட்டும் கவனியுங்கள். அது ஸ்டீரிங்கோடு சேர்ந்து ஒரே சீராகத் திரும்ப வேண்டும். நின்று நின்று துள்ளித் திரும்பினால் பெயரிங் இறுகியிருக்கிறது. இதுவும் "டங்" என்ற சத்தம் தரும் என்பதால், சத்தத்தை மட்டும் கேட்டு ஸ்பிரிங் முறிந்ததென்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. நுனியைக் கண்ணால் காண வேண்டும்.

7. சொக்கைக் கடைசியாகப் பாருங்கள்

மூலையை அழுத்திவிட்டால் ஒன்று ஒன்றரைத் தடவைக்குள் நிற்க வேண்டும் என்ற சோதனை எல்லோருக்கும் தெரியும். அது மிகவும் தேய்ந்த சொக்கை மட்டுமே காட்டும். தண்டின் அடியில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது பழுதல்ல. உடல் முழுவதும் வழிந்து புழுதியோடு சேறாகியிருந்தால் பழுது.

சொக் உயரத்தைத் தாங்கவில்லை என்பதை நேரில் காண விரும்பினால், ஸ்பிரிங்கும் சொக்கும் தனித்தனியாக இருக்கும் விட்ஸின் பின் பக்கத்தில் செய்து பாருங்கள். கார் சில்லில் நிற்கும்போதே பின் சொக்கின் கீழ் போல்ட்டை மட்டும் கழற்றி அளவெடுங்கள். அளவு ஏறத்தாழ மாறாது. வேலை பழகும் பிள்ளைக்கு இதை ஒரு தடவை செய்து காட்டினேன். அதன் பிறகு அவன் தாழ்ந்த மூலைக்குச் சொக்கைக் கழற்றியதில்லை. இதைக் காரை உயர்த்திவைத்துச் செய்யாதீர்கள். பின் அச்சு கீழே தொங்கி ஸ்பிரிங் கழன்று விழலாம்.

8. வேலணை விட்ஸில் கிடைத்தது

மவுண்ட் நட்டுகள் இரு பக்கமும் ஒரே உயரம். சொக் புதிது. இடது கிண்ணத்தில் சேறு இல்லை, அண்மையில்தான் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். ஆனால் ஸ்பிரிங்கின் கீழ் நுனி படிக்குக் கிட்ட வரவில்லை. அரைச் சுற்றுத் தள்ளி, கிண்ணத்தின் மறுபக்கத்தில் முடிந்தது. நுனியின் முகம் சரிவாக, பழுப்பேறி இருந்தது. வலப் பக்கத்து நுனி தட்டையாக, கறுப்புப் பூச்சோடு படியில் முட்டி நின்றது. ஏறத்தாழ ஒரு சாண் நீளக் கம்பி இடப் பக்கத்தில் இல்லை.

நடந்தது விளங்கியது. "முதலில் ஏதாவது சத்தம் கேட்டதா ஐயா?" என்று கேட்டேன். சில மாதங்களுக்கு முன் காலையில் படலையால் காரைப் பின்னோக்கி எடுத்தபோது "டங்" என்று ஒரு சத்தம் வந்ததாகவும், இறங்கிப் பார்த்து ஒன்றும் காணாமல் போய்விட்டதாகவும் சொன்னார். அன்றுதான் முறிந்திருக்க வேண்டும். பிறகு துண்டு கிண்ணத்திலிருந்து விழுந்து மூலை தாழ்ந்திருக்கும். சொக் மாற்றியவர்கள் அந்தக் குட்டையான ஸ்பிரிங்கை அப்படியே புதுச் சொக்கில் பூட்டிவிட்டார்கள். கழற்றிய இரண்டு ஸ்பிரிங்கையும் பக்கத்தில் நிறுத்தி ஒரு தடவை பார்த்திருந்தால் அந்த ஆசிரியருக்குச் சொக் செலவு வந்திருக்காது. எனக்கு இதில்தான் மனவருத்தம்.

9. ஸ்பிரிங் மாற்றும்போது வரிசை

இரண்டு பக்கமும் மாற்றுங்கள். பழைய ஸ்பிரிங் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால் இப்போது மறுபக்கம் தாழ்ந்து நிற்கும். மற்றையதும் அதே உப்பைத்தான் கண்டிருக்கிறது.

வாங்கும்போது "விட்ஸ் முன் ஸ்பிரிங்" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரே பெயருள்ள காருக்கு எஞ்சின் அளவுக்கும் நான்கு சில்லு இழுவைக்கும் ஏற்ப வேறுவேறு ஸ்பிரிங் உண்டு. காரின் சேசி இலக்கத்தைக் கொடுத்துப் பாக எண்ணை எடுங்கள். ஜப்பானிலிருந்து வந்த பாவித்த ஸ்பிரிங் வாங்கினால் கம்பியிலுள்ள நிறக்கோடுகளை ஒப்பிடுங்கள், சோடியாக நிறுத்தி உயரம் பாருங்கள், கீழ்ச் சுற்றை நகத்தால் சுரண்டித் துருக்குழி இருக்கிறதா என்று பாருங்கள்.

கழற்றும்போது உயிருக்கு ஆபத்தான இடம் ஒன்றுதான்: தண்டின் தலை நடு நட்டு. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்காமல் அதைக் கழற்றினால் மவுண்ட் துப்பாக்கிக் குண்டுபோல் பறக்கும். ஸ்பிரிங் கம்பிரசரின் இரண்டு கொக்கிகளையும் எதிரெதிராக மாட்டி, இங்கே சில சுற்று, அங்கே சில சுற்று என்று மாறி மாறிக் கையால் இறுக்குங்கள். ஸ்பிரிங் கிண்ணத்தில் தளர்ந்து ஆடத் தொடங்கிய பிறகே நட்டில் கை வையுங்கள். முறிந்த ஸ்பிரிங்கில் கொக்கியை முறிவுக்கு அருகில் மாட்டாதீர்கள், அங்கே வழுக்கும். காற்றுத் துப்பாக்கியால் இறுக்காதீர்கள், கம்பிரசரின் புரி தேய்ந்து விட்டுவிடும். முகத்தையும் மார்பையும் ஸ்பிரிங்கின் அச்சுக்கு நேரே வைக்காதீர்கள். கம்பிரசர் இல்லாமல் கயிறோ சங்கிலியோ கட்டி இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

பூட்டும்போது கீழ் நுனி படியில் முட்டுகிறதா என்பதை அமுக்கிய நிலையிலேயே பாருங்கள். தளர்த்திய பிறகு திருப்ப முடியாது. கிண்ணத்தைச் சுத்தமாக்கி, அடி றப்பர் இருந்தால் புதிதாகப் போடுங்கள். மவுண்டும் பெயரிங்கும் கையில் இருக்கும் இந்த நேரத்தில் அவற்றைச் சுற்றிப் பார்த்து, கரகரப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு இதற்காக மட்டும் மீண்டும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும். நடு நட்டைப் புதிதாகப் போடுங்கள்.

10. இறக்கிய பிறகு

லோவர் ஆம் போன்ற றப்பர் புஷ் உள்ள போல்ட் எதையாவது தளர்த்தியிருந்தால், அதைக் கார் சில்லில் நின்ற பிறகே முழுதாக இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கினால் றப்பர் முறுகிய நிலையில் பிடிபட்டுவிடும். அது உயரத்தையும் மாற்றும், புஷ்ஷும் விரைவில் கிழியும்.

சில்லு நட்டுகளைக் குறுக்கு வரிசையில் இறுக்கி, உருட்டி, ஆட்டி, அதே இடத்தில் நான்கையும் மீண்டும் அளவுங்கள். விட்ஸில் முன் இடது 366, முன் வலது 368, பின் இடது 368, பின் வலது 369 என்று வந்தது. உயரம் மாறியதால் சில்லுகளின் கோணமும் மாறியிருக்கும். அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால் டயர் ஓரம் தேயும்.

சுமார் 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு நட்டுகளையும் உயரத்தையும் மறுபடி பாருங்கள், புதிய ஸ்பிரிங் அப்போது சில மில்லிமீற்றர் அமர்ந்திருக்கும். அளவுகளை எழுதிய தாளை ஆசிரியரிடம் கொடுத்தேன். அடுத்த மாரி முடிந்ததும் அதே அளவுகளை எடுத்து ஒப்பிடவும், கிண்ணங்களைச் சவர் இல்லாத தண்ணீரால் கழுவவும் சொல்லி அனுப்பினேன்.